எல்லைத் தூணுக்கு எதிர்ப்பாரம் எங்கே?

போர்ட் பிளேரின் அபர்டீன் பஜார் போன்ற பழைய கடைத்தெருக்களில் கட்டடங்கள் சுவரோடு சுவராக நிற்கின்றன. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்த நகரம் மேடும் பள்ளமுமானது. சமமான தரை அங்கே அரிது, அதனால் மனை வாங்கியவர் அதன் கடைசி அங்குலம் வரை கட்டவே விரும்புகிறார். அப்படிக் கட்டும்போது ஓரத் தூண் மனையின் எல்லைக் கோட்டிலேயே வந்து நிற்கும். தூண் தரைக்கு மேலே எல்லைக்குள் நின்றுவிடலாம். தரைக்குக் கீழே அதன் ஃபுட்டிங் நான்கு பக்கமும் விரிய வேண்டும், ஆனால் ஒரு பக்கம் அடுத்தவர் நிலம். எனவே ஃபுட்டிங் உள்பக்கம் மட்டும் விரிகிறது, தூணோ அதன் விளிம்பில் நிற்கிறது. இதற்குப் பொறியியல் தரும் விடைகள் இரண்டு. ஒன்று ஸ்ட்ராப் ஃபுட்டிங், மற்றது கூட்டு ஃபுட்டிங். அந்தமானில் இவற்றின் இடத்தை வேறொன்று எளிதில் பிடித்துக்கொள்ள முடியும். நிலநடுக்கத்துக்காக எல்லாத் தூண்களையும் இணைத்துப் போடும் டை பீமே எல்லைத் தூணையும் காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கைதான் அது. அந்த நம்பிக்கை தவறு. டை பீம் ஸ்ட்ராப் பீமின் வேலையைச் செய்யாது என்பதை ஒரு கணக்கைக் கொண்டே காட்டிவிடலாம்.

மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லையில் நிற்கும் தூணின் பாரம் 60 டன். அதிலிருந்து 4.5 மீட்டர் உள்ளே நிற்கும் தூணின் பாரம் 90 டன். எல்லைத் தூணின் அகலம் 30 செ.மீ., ஆகவே அதன் மையம் எல்லையிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. மண் ஒரு சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் என்று கொள்வோம். ஃபுட்டிங்கின் சொந்த எடைக்காகப் பத்து விழுக்காடு சேர்த்தால் எல்லைத் தூணுக்கு 4.4 சதுர மீட்டர் வேண்டும், அதாவது 2 மீட்டருக்கு 2.2 மீட்டர். பரப்பளவு மட்டும் பார்த்தால் கணக்கு இங்கேயே முடிந்துவிடும். ஆனால் மண்ணின் எதிர்விசை மேலிருந்து வரும் மொத்தப் பாரத்துக்கு நேர் கீழே அமைந்தால்தான் ஃபுட்டிங் அசையாமல் நிற்கும். தூணின் பாரமும் ஃபுட்டிங்கின் எடையும் சேர்ந்த மொத்தம் எல்லையிலிருந்து 23 செ.மீ. தூரத்தில் இறங்குகிறது. ஆகவே ஃபுட்டிங்கின் முதல் 68 செ.மீ. மட்டுமே மண்ணை அழுத்துகிறது, மீதி 1.3 மீட்டர் மண்ணைவிட்டு எழும்பப் பார்க்கிறது. எல்லை விளிம்பில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 88 டன்னாக உயர்கிறது. இது அந்த மண்ணின் தாங்குதிறனைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு. ஃபுட்டிங்கைப் பெரிதாக்கினாலும் பயன் இல்லை, ஏனென்றால் கூடுதல் பரப்பெல்லாம் உள்பக்கத்திலேயே சேர்கிறது, தூணுக்கும் ஃபுட்டிங்கின் நடுவுக்கும் உள்ள தூரம் இன்னும் கூடுகிறது.

உண்மைக் கட்டடத்தில் ஃபுட்டிங் தனியாக நிற்பதில்லை, தூண் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் ஃபுட்டிங் உடனே கவிழ்ந்துவிடாது. ஆனால் அதைக் கவிழாமல் நிறுத்தும் வேலை முழுவதும் தூணின் தலையில் விழுகிறது, அந்த வேலைக்கென்று தூண் வடிவமைக்கப்படவில்லை. உள்பக்கம் நீண்ட ஃபுட்டிங்கை மண் மேல்நோக்கித் தள்ள, தூணின் அடிப்பகுதி எல்லைப் பக்கமாகப் புடைத்து வளைகிறது. வளைவின் இழுவிசை தூணின் வெளிமுகத்தில் வருகிறது. அந்த முகம் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டியிருப்பதால், அங்கே விரிசல் விழுந்தாலும் யார் கண்ணிலும் படாது. கண்ணில் படுபவை வேறு அடையாளங்கள். எல்லைத் தூண் உள்தூணைவிட அதிகமாக இறங்கும்போது, இரண்டுக்கும் நடுவிலுள்ள செங்கல் சுவரில் உள்தூணின் அடியிலிருந்து எல்லைத் தூணின் உச்சியை நோக்கி ஏறும் சாய்வு விரிசல் தோன்றும். தரை எல்லைப் பக்கம் சரியும். அண்டை வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் இடையே விட்ட இடுக்கு மேலே போகப் போகக் குறுகும். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் கோளாறு சிமென்ட் பூச்சில் இல்லை, அடித்தளத்தில்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஸ்ட்ராப் ஃபுட்டிங் இந்தக் கவிழ்ப்பு விசையைத் தூணிடமிருந்து வாங்கி, உள்தூணின் பாரத்தை அதற்கு எதிராக நிறுத்துகிறது. எல்லை ஃபுட்டிங்கும் உள் ஃபுட்டிங்கும் தனித்தனியாகவே இருக்கும். இரண்டையும் ஒரு கனமான பீம் இணைக்கும். கிணற்று ஏற்றத்தின் துலாவை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்: எல்லை ஃபுட்டிங்கின் மையம் துலா தாங்கும் கால், எல்லைத் தூண் குட்டைக் கையில் தொங்கும் சுமை, உள்தூண் நெட்டைக் கையில் ஏறி நிற்கும் ஆள். எல்லை ஃபுட்டிங்கை 1.8 மீட்டர் அகலத்தில் அமைத்தால் அதன் மையம் எல்லையிலிருந்து 90 செ.மீ.யில் விழும். தூணுக்கும் அந்த மையத்துக்கும் இடையே 75 செ.மீ., அந்த மையத்துக்கும் உள்தூணுக்கும் இடையே 3.75 மீட்டர். உள்தூணைச் சுற்றித் திருப்புத்திறனைச் சமன்செய்தால், எல்லை ஃபுட்டிங்கின் கீழ் மண் 72 டன் தாங்க வேண்டும் என்று வருகிறது. தூணின் பாரம் 60 டன்தான், ஆனால் ஃபுட்டிங்கில் இறங்குவது 72. மிகுதியான 12 டன்னும் உள்தூணிடமிருந்து வந்தது. அதனால் உள் ஃபுட்டிங்கின் பாரம் 90 டன்னிலிருந்து 78 ஆகக் குறைகிறது. எல்லை ஃபுட்டிங் 1.8 மீட்டருக்கு 3 மீட்டர், உள் ஃபுட்டிங் 2.4 மீட்டர் சதுரம். இரண்டின் கீழும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றே. அந்தச் சமநிலையைத்தான் வடிவமைப்பாளர் தேடுகிறார், ஏனென்றால் இரண்டும் ஒரே அளவு இறங்கினால்தான் பீமும் மேலே உள்ள சுவர்களும் பிழைக்கும்.

இதற்கான விலையை ஸ்ட்ராப் பீம் கொடுக்கிறது. எல்லையிலிருந்து 1.5 மீட்டர் தூரத்தில் அதன் வளைவுத் திருப்புத்திறன் உச்சத்தைத் தொடுகிறது, அளவு 36 டன்-மீட்டர். இதைத் தாங்க 40 செ.மீ. அகலமும் 75 செ.மீ. ஆழமும் கொண்ட பீமில் 25 மி.மீ. கம்பிகள் ஐந்து தேவைப்படும். அந்த ஐந்தும் பீமின் மேற்புறத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த பீம் இரு முனைகளிலும் கீழ்நோக்கி அழுத்தப்பட்டு, நடுவில் ஃபுட்டிங்கால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இழுவிசை மேல்முகத்தில்தான் வருகிறது. வீட்டின் மற்ற பீம்களில் நடுவில் கீழ்க்கம்பிதான் முக்கியம் என்று பழகிய கை, இங்கும் கனத்த கம்பியைக் கீழே வைத்துக் கட்டிவிடும் அபாயம் உண்டு. கான்கிரீட் போட்ட பின் அந்தத் தவறைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே கம்பி கட்டி முடித்த அன்றே எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாவது தவறு பீமின் அடியில் நடக்கும். ஸ்ட்ராப் பீம் மண்ணில் உட்காரக் கூடாது. அதன் அடியில் மண்ணைத் தளர்வாகவோ இடைவெளியாகவோ விட வேண்டும். கெட்டித்த மண்ணின்மீது நேராக கான்கிரீட் போட்டால் பீமே ஒரு ஃபுட்டிங்காக மாறி, நாம் போட்ட பாரக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும்.

இனி டை பீமுக்கு வருவோம். அந்தமான் நிகோபார் தீவுகள் முழுவதையும் ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு மிகக் கடுமையான நிலநடுக்க மண்டலமான ஐந்தில் வைத்திருக்கிறது. நான்காம், ஐந்தாம் மண்டலங்களில் தனித்தனி ஃபுட்டிங்குகளை ஒன்றோடொன்று கட்டாயம் இணைக்க வேண்டும் என்கிறது அந்த விதி. பாறைமீது நேராக அமர்ந்த ஃபுட்டிங்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நிலநடுக்கத்தில் ஒரு தூணின் அடி ஒரு பக்கமும் இன்னொன்றின் அடி மறுபக்கமும் நகர்ந்து தூண்கள் பிரிந்துபோகாமல் தடுப்பதே இந்த இணைப்பின் நோக்கம். அதற்கு விதி கேட்பது நீளவாக்கிலான இழுப்பையும் நெருக்கத்தையும் தாங்கும் வலுவை மட்டுமே. நம் கட்டடத்துக்குக் கணக்கிட்டால் அந்த இழுப்பு சில டன்கள்தான். 23 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் கொண்டு, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக 12 மி.மீ. கம்பிகள் வைத்த சாதாரண டை பீம் ஏறத்தாழ 20 டன் இழுப்பைத் தாங்கும். விதியின் கேள்விக்கு அது பல மடங்கு விடை சொல்லிவிடுகிறது. வரைபடத்தைச் சரிபார்ப்பவர் ‘இணைப்பு இருக்கிறது’ என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதே பீம் வளைவில் உடையும் வரை தாங்குவது இரண்டரை டன்-மீட்டருக்கு மேல் இல்லை. எல்லைத் தூணுக்குத் தேவையோ, பாதுகாப்புக் காரணியையும் சேர்த்து, 54 டன்-மீட்டர். இருபதில் ஒரு பங்கு வலுவை வைத்துக்கொண்டு அது ஸ்ட்ராப்பின் வேலையைச் செய்ய முடியாது. தலைகீழான முடிவு மட்டும் உண்மை: சரியாக வடிவமைத்த ஸ்ட்ராப் பீம் தன் திசையில் டை பீமின் வேலையையும் சேர்த்தே செய்துவிடும்.

நிலநடுக்கம் இந்தக் கணக்கை இன்னொரு வழியிலும் கடினமாக்குகிறது. கட்டடம் பக்கவாட்டில் ஆடும்போது ஓரத் தூண்களில்தான் பாரம் அதிகமாகக் கூடிக் குறையும். எல்லைத் தூணோ எப்போதும் ஓரத் தூண். அதில் 25 டன் கூடுவதாக வைத்துக்கொண்டால் தூணின் பாரம் 85 ஆகிறது, ஃபுட்டிங்கில் இறங்குவது 102 டன். ஸ்ட்ராப்பின் வளைவுத் திருப்புத்திறன் 36-இலிருந்து 51 டன்-மீட்டராக உயர்கிறது. ஃபுட்டிங்கின் கீழ் அழுத்தம் சதுர மீட்டருக்கு 20 டன்னைத் தாண்டுகிறது. நிலநடுக்க நேரத்தில் நடுத்தர மண்ணுக்கு விதி அனுமதிக்கும் சலுகை 25 விழுக்காடு, அதாவது 18.75 டன். ஆகவே சாதாரணப் பாரத்துக்குச் சரியாக இருந்த 3 மீட்டர் நீளம் இப்போது போதாது, 3.3 மீட்டர் வேண்டும். மென்மண்ணில் அந்தச் சலுகையே கிடையாது. 2004 நிலநடுக்கத்துக்குப் பின் கடல்நீர் ஏறி நின்ற சிப்பிகாட் போன்ற தாழ்நிலங்களில் கட்டுபவர் இதை மறக்கக் கூடாது. இன்னொரு எச்சரிக்கை உள்தூணைப் பற்றியது. எல்லைத் தூண் மிகக் கனமாகவும், உள்தூண் ஒற்றை மாடியை மட்டும் தாங்கும் லேசான தூணாகவும் இருந்தால், எதிர்ப்பாரம் போதாமல் உள் ஃபுட்டிங் மண்ணைவிட்டு எழும்பும். அங்கே ஸ்ட்ராப் தவறான தேர்வு.

அப்படிப்பட்ட இடங்களிலும், இரண்டு தூண்களும் நெருங்கி நின்று ஃபுட்டிங்குகள் ஒன்றையொன்று முட்டும் இடங்களிலும் கூட்டு ஃபுட்டிங் முன்னே வருகிறது. இரண்டு தூண்களும் ஒரே நீண்ட ஃபுட்டிங்கில் நிற்கும். அந்த ஃபுட்டிங்கின் நடு இரண்டு பாரங்களும் சேர்ந்து இறங்கும் புள்ளிக்கு நேர் கீழே அமைய வேண்டும், அவ்வளவுதான் அதன் விதி. நம் எடுத்துக்காட்டில் மொத்தப் பாரம் 150 டன், அது எல்லையிலிருந்து 2.85 மீட்டரில் இறங்குகிறது. ஆகவே ஃபுட்டிங்கின் நீளம் அதைப் போல இரு மடங்கு, 5.7 மீட்டர். அகலம் 1.95 மீட்டர். உள்தூண் கனமாக இருந்ததால்தான் செவ்வகம் இவ்வளவு அழகாகப் பொருந்தியது. எல்லைத் தூண் கனமாக இருந்தால் பாரப்புள்ளி எல்லையை நெருங்கும், அப்போது எல்லைப் பக்கம் அகன்றும் உள்ளே குறுகியும் இருக்கும் சரிவக வடிவம் தேவைப்படும். எந்த வடிவமானாலும் இரண்டு தூண்களுக்கும் நடுவில் இழுவிசை மேல்முகத்தில்தான் வரும். நம் கணக்கில் அது 59 டன்-மீட்டர், ஸ்ட்ராப்பில் வந்ததைவிட அதிகம். ஆனால் அந்த விசை இரண்டு மீட்டர் அகலத்தில் பரவுகிறது, இரண்டு தூண்களும் ஒரே கான்கிரீட்டில் நிற்பதால் வெவ்வேறு அளவில் இறங்கும் அச்சமும் குறைகிறது. மனை மிகக் குறுகியதாக இருந்து இரண்டு தூண்களும் இரு பக்க எல்லைகளிலேயே நின்றால், உள்ளே சாய்ந்துகொள்ள வேறு தூண் இல்லாததால் பெரும்பாலும் கூட்டு ஃபுட்டிங்தான் வழி.

தூணை உள்ளே ஒரு மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு, மாடித் தளங்களை மட்டும் எல்லைவரை நீட்டிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது நல்ல கேள்வி. ஃபுட்டிங் நடுவில் தூண் நிற்கும், ஸ்ட்ராப்பே தேவைப்படாது. இரண்டு மாடி வீட்டுக்கு இதுவே பெரும்பாலும் சிறந்த விடை என்று நான் கருதுகிறேன். ஆனால் நீட்டிய பீம்களின் முனையில் முழு உயரச் சுவரும் மாடிதோறும் ஏறும்போது அந்தச் சுமை தூணின் தலையில் வளைவாக வருகிறது, அதுவும் ஒவ்வொரு தளத்திலும். தரைத்தளக் கடையின் நடுவில் தூண்வரிசை முளைப்பதையும் உரிமையாளர் ஏற்க வேண்டும். நீட்சி முனையிலிருந்து புதிய தூண் எழுப்பி அதற்கு மேல் மாடி கட்டுவதோ ஐந்தாம் மண்டலத்தில் ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். தூணை உள்ளே தள்ள வேண்டாம் என்றால் இன்னொரு தந்திரம் இருக்கிறது. எல்லை ஃபுட்டிங்கை உள்ளே அகலமாக்காமல் எல்லையை ஒட்டி நீளமாக்கலாம். 1.8 மீட்டருக்குப் பதில் 1 மீட்டர் அகலம் வைத்தால் ஸ்ட்ராப்பின் திருப்புத்திறன் 36-இலிருந்து 19 டன்-மீட்டராகக் குறைகிறது. ஆனால் ஃபுட்டிங் 4.8 மீட்டர் நீளும், எல்லையோரத் தூண்கள் நான்கு மீட்டர் இடைவெளியில் நின்றால் ஃபுட்டிங்குகள் ஒன்றையொன்று மோதும்.

அந்தமானின் சரிவு நிலம் ஸ்ட்ராப்புக்கு ஒரு வரம்பை வகுக்கிறது. ஸ்ட்ராப் பீம் நேராகப் போக வேண்டுமானால் இரண்டு ஃபுட்டிங்குகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த மனையில் எல்லைக்கு அப்பால் அண்டை வீட்டுத் தரை இரண்டு மீட்டர் தாழ்ந்திருக்கலாம். அப்போது எல்லை ஃபுட்டிங்கின் 72 டன்னில் ஒரு பகுதி அண்டைவீட்டாரின் தாங்குசுவரைப் பக்கவாட்டில் தள்ளும். ஸ்ட்ராப் பாரத்தை நடுவில் நிறுத்துமே தவிர, மண்ணுக்குப் பக்கத் துணை இல்லாத குறையைத் தீர்க்காது. ஆண்டுக்கு 3,000 மி.மீ. அளவுக்கு மழை பெய்யும் ஊரில், நனைந்த மண் அந்தச் சுவரை மேலும் நெருக்கும். அங்கே ஃபுட்டிங்கைத் தாழ்ந்த தரையின் மட்டம்வரை இறக்குவதோ தூணையே உள்ளே நகர்த்துவதோதான் வழி.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தையே எங்கள் கட்டடம் தாங்கிவிட்டது, இனி என்ன வரப்போகிறது என்ற வாதத்துக்கும் விடை சொல்ல வேண்டும். அந்த நிலநடுக்கத்தின் அளவு 9-ஐத் தாண்டியது உண்மை. ஆனால் போர்ட் பிளேரில் தரை குலுங்கிய தீவிரம் சுமார் VII என்றே ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஐந்தாம் மண்டலம் எதிர்பார்ப்பதோ IX-உம் அதற்கு மேலும். 2004-இல் நின்ற கட்டடம் தேர்வின் எளிய பகுதியில் மட்டுமே தேறியிருக்கிறது. 1941 ஜூன் 26 அன்று அந்தமானுக்கு மிக அருகிலேயே ஒரு பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்ததையும் சேர்த்துப் பார்த்தால் கடினமான பகுதி வராது என்று நினைக்க இடமில்லை. செலவைப் பற்றிய கவலை நியாயமானது, சிமென்ட்டும் கம்பியும் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலேறி வர வேண்டியவை. ஆனால் நாம் கணக்கிட்ட ஸ்ட்ராப் பீமுக்குப் பிடிப்பது ஒன்றரை கன மீட்டர் கான்கிரீட்டும் சுமார் 170 கிலோ கம்பியும். கட்டி முடிந்த பிறகு எல்லைத் தூணின் அடியைத் திருத்த வேண்டுமானால் அண்டை வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டியாக வேண்டும், அது இதைப் போலப் பல மடங்கு செலவையும் தகராறையும் கொண்டுவரும். ஆகவே வரைபடம் கைக்கு வந்ததும் எல்லைத் தூணைத் தேடிப் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள். அதன் ஃபுட்டிங்கின் நடு தூணின் நடுவோடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகாவிட்டால் அதை உள்தூணோடு இணைக்கும் பீமின் ஆழம் மற்ற டை பீம்களைவிட அதிகமாக இருக்கிறதா? அந்த பீமின் கனத்த கம்பிகள் மேலே காட்டப்பட்டிருக்கின்றனவா? முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்றும் மற்ற இரண்டில் ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்றும் விடை வந்தால், குழி தோண்டும் முன் அந்த வரைபடத்தை வடிவமைத்தவரிடமே திருப்பிக் கொடுத்துக் கணக்கைக் கேட்க வேண்டும்.